குறைய வேண்டிய வலி ஏன் கூடுகிறது?

மாதவிடாய் வலி வருடத்துக்கு வருடம் அதிகமாகிறதா? எண்டோமெட்ரியோசிஸ் என்ற சந்தேகம் எப்படி எழுகிறது, எப்படி உறுதியாகிறது?

என் சித்தி மகளுக்கு இப்போது 28 வயது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். எப்போதும் வாசலுக்கு ஓடிவருபவளைக் காணோம். உள்ளே போய்ப் பார்த்தால், வெறுந்தரையில் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வயிற்றில் வெந்நீர்ப் பை. அதை எடுத்து மறுபடி வைத்தபோது பார்த்தேன். மாதக்கணக்கில் சூடு பட்டுப் பட்டு, அடிவயிற்றுத் தோலில் வலைபோட்ட மாதிரி பழுப்புக் கோடுகள் விழுந்திருந்தன.

"அவளுக்கு நாள் வருதும்மா, அதான். பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்?" என்றார் சித்தி, காபியை நீட்டியபடி.

"ஆயிட்டியாடி?" என்று அவளிடம் கேட்டேன்.

"இன்னும் இல்லைக்கா. நாளைக்கோ நாளன்னைக்கோ ஆகும். வலி மட்டும் முன்னாடியே வந்துடும். காலேஜ் படிக்கிறப்போ இப்படி இல்ல."

அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களில்தான் முழு விஷயமும் இருந்தது. உதிரம் வருவதற்கு முன்பே வலி வந்துவிடுகிறது. முன்பு இப்படி இருந்ததில்லை. ஆனால் இந்த இரண்டையும் அவளிடம் அதுவரை யாரும் கேட்டதும் இல்லை, அவளாக யாரிடமும் சொன்னதும் இல்லை.

இரண்டு வலிகள், இரண்டு பாதைகள்

மாதவிடாய் வலி எல்லாமே ஒன்றல்ல. பெரும்பாலான பெண்களுக்கு வருவது நோயால் வரும் வலி அல்ல. உதிரம் வெளியேறும் நாளில் கர்ப்பப்பையின் உள்சுவரில் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் சுரக்கிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. பிழியும்போது தசைக்குப் போகும் ரத்தம் குறைகிறது, வலிக்கிறது. குமட்டல், வயிற்றுப்போக்கு, தொடைவரை இறங்கும் கடுப்பு எல்லாம் இதோடு சேர்ந்தவை.

இந்த வலிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வயதுக்கு வந்து ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத் தொடங்கும். ஒவ்வொரு மாதமும் உதிரம் தொடங்கும்போதோ அதற்குச் சில மணி நேரம் முன்போ வரும். ஒரு நாள், இரண்டு நாள், மிஞ்சிப்போனால் மூன்று நாளில் அடங்கிவிடும். வயது ஏற ஏற, குறிப்பாகக் குழந்தை பெற்ற பிறகு, பலருக்கும் குறைந்துவிடும். "கல்யாணமாகி ஒரு குழந்தை பிறந்தா எல்லாம் சரியாயிடும்" என்று பாட்டிமார் சொன்னது இந்த வலியைப் பார்த்துத்தான். அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் எல்லா வலிக்கும் அது பொருந்தாது.

இரண்டாவது வகை வலி எதிர்த் திசையில் போகும். 18 வயதில் ஒரு நாளாக இருந்தது, 22 வயதில் மூன்று நாளாகும். உதிரத்துக்கு முன்பே தொடங்கும், நின்ற பிறகும் தொடரும். ஒரு மாத்திரையில் அடங்கியது மூன்று மாத்திரைக்கும் அடங்காது. போகப்போக, மாதவிடாய் இல்லாத நாளிலும் அடிவயிறு கனக்கும். இப்படி வலி வளர்ந்துகொண்டே போனால், அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும். அந்தக் காரணங்களில் முக்கியமானது எண்டோமெட்ரியோசிஸ்.

ஒரு தடவை வரும் வலியை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிப்பது கடினம். முதல் வகையிலும் துடித்துப்போகிறவர்கள் உண்டு. வலி எவ்வளவு என்பதோடு, சில வருடங்களில் அது எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். விதிவிலக்கும் உண்டு. சில சிறுமிகளுக்கு வயதுக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே கடும் வலி தொடங்கிவிடும். அவர்களுக்கும் இந்த நோய் இருக்கலாம். சின்னப் பெண்ணுக்கு இதெல்லாம் வராது என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இடம் மாறிய திசு

கர்ப்பப்பையின் உள்ளே மாதாமாதம் தடித்து, பிறகு உதிரமாக உதிர்ந்து வெளியேறும் படலத்துக்கு எண்டோமெட்ரியம் என்று பெயர். அதே மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியே ஒட்டிக்கொண்டு வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பை, கர்ப்பப்பையைத் தாங்கும் தசைநார்கள், கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவிலுள்ள பள்ளம், சிறுநீர்ப்பை, குடல் ஆகியவை அது வழக்கமாகப் போய் அமரும் இடங்கள்.

அங்கே எப்படிப் போகிறது? மாதவிடாயின்போது கொஞ்சம் உதிரம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் சிந்துகிறது, அதோடு போகும் திசுக்கள் அங்கே வேர்விடுகின்றன என்று அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1920-களில் விளக்கினார். இன்றும் இதுதான் பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ஆனால் அது மட்டும் போதாது. பெரும்பாலான பெண்களுக்கு உதிரம் இப்படிப் பின்னோக்கிப் போகத்தான் செய்கிறது. அவர்களில் சிலருக்கு மட்டுமே நோய் வருகிறது. பரம்பரையும் நோய் எதிர்ப்பு அமைப்பும் இதில் பங்கு வகிக்கின்றன. தாய்க்கோ அக்கா தங்கைக்கோ இருந்தால் மற்றவர்களுக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது.

இடம் மாறிய இந்தத் திசுவும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டதுதான். மாதாமாதம் அதுவும் தடிக்கிறது, கசிகிறது. கசிந்தது வெளியேற வழியில்லை. சுற்றிலும் அழற்சி உண்டாகி, ஆறி, தழும்பாகிறது. அடுத்த மாதம் மறுபடியும். நாளடைவில் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சினைப்பைக்குள் இது சேர்ந்தால் பழைய ரத்தம் பழுப்புக் குழம்பாகத் தங்கிக் கட்டியாகிறது. நம் ஊரில் 'சாக்லேட் சிஸ்ட்' என்று சொல்வது இதைத்தான். திசு அமர்ந்த இடங்களில் புதிய நரம்பு இழைகளும் முளைக்கின்றன. வருடக்கணக்கில் வலி அடித்துக்கொண்டே இருந்தால் தண்டுவடமும் மூளையும் மிகையாகக் கூர்மையடைந்து, சின்னத் தூண்டலையும் பெரிய வலியாக உணரத் தொடங்குகின்றன. வலி ஏன் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது, ஏன் மாதவிடாய் நாட்களைத் தாண்டியும் பரவுகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவிகிதம் பேருக்கு, அதாவது உலகெங்கும் 19 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது.

டைரியில் விழுந்த தடயங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தங்கையிடம் ஒரே ஒரு வேலை சொன்னேன். பள்ளியில் கொடுத்த டைரியில் தினமும் ஒரு வரி எழுத வேண்டும். வலி இருந்ததா, பத்துக்கு எத்தனை, எங்கே, என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, எந்த வேலை நின்றுபோனது. மூன்று மாதம் எழுதினாள். பழைய நினைவுகளையும் உட்கார்ந்து தொகுத்தோம்.

13 வயதில் பெரியவளானாள். 15 வயதில் முதல் நாள் மட்டும் வலி. ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விடுவாள். 19 வயதில் இரண்டு நாள். 22 வயதில் உதிரத்துக்கு இரண்டு நாள் முன்பே வலி வந்தது. 24 வயதில் ஒரு நாள் இரவு வலது அடிவயிற்றில் தாங்க முடியாத வலி. அப்பெண்டிக்ஸ் என்று சந்தேகப்பட்டு ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். "நார்மல், கேஸாக இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். அது மாதவிடாயின் முதல் நாள். அதை யாரும் கேட்கவில்லை.

டைரியைத் தூக்கிக்கொண்டு மகளிர் நல மருத்துவரிடம் போனோம். அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இந்த நாட்கள்ல மோஷன் போறப்போ வலிக்குமாம்மா?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, "கத்தியால குத்துற மாதிரி இருக்கும் டாக்டர். அதுக்குப் பயந்தே அந்த ரெண்டு நாள் சரியா சாப்பிட மாட்டேன்" என்றாள். பெற்ற தாய்க்கே அது தெரியாது. சித்தி அவளைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மருத்துவர் ஏன் அதைக் கேட்டார் என்று பிறகு விளக்கினார். கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் இந்தத் திசு அமர்ந்தால், மலம் இறங்கும்போது அழற்சியுள்ள அந்த இடம் இழுபடும். அதனால் மாதவிடாய் நாட்களில் மட்டும் மலம் கழிக்கையில் குத்தும் வலி வந்தால் அது வலுவான தடயம். அதே நாட்களில் சிறுநீர் கழிக்கும்போது வலிப்பது இன்னொன்று. திருமணமானவர்களுக்குத் தாம்பத்தியத்தின்போது உள்ளே ஆழத்தில் வலிப்பது மூன்றாவது. குழந்தை தங்காமல் தள்ளிப்போவது நான்காவது. நம் வீடுகளில் வாய்விட்டுச் சொல்லாத விஷயங்கள்தான் நான்குமே. கேட்டால் ஒழிய வெளியே வராது.

அடுத்து மாத்திரையைப் பற்றிக் கேட்டார். மெஃபெனமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதைத் தடுப்பவை. சுரந்து முடித்த பிறகு போட்டால் பலன் குறைவு. வலி தலைகாட்டியதுமே, சாப்பிட்ட பிறகு, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில் போட வேண்டும். "முடிஞ்சவரைக்கும் பொறுத்துப் பார்ப்போம், தாங்கலைன்னா போடுவோம்" என்று இருப்பதால்தான் பலருக்கு மாத்திரை கேட்பதில்லை. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது. முறையாகப் போட்டும், மூன்று மாதமாகியும் அடங்காத வலி என்றால் அதுவே ஒரு தடயம். தங்கையின் டைரியில் அதுவும் பதிவாகியிருந்தது. வலி மாத்திரைக்கும் ஹார்மோன் மாத்திரைக்கும் வலி அடங்காத வளரிளம் பெண்களை லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்ததில், குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருந்ததாக அமெரிக்க மகளிர் மருத்துவர்களின் அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது.

'ஸ்கேன் நார்மல்' என்றால் என்ன அர்த்தம்?

24 வயதில் எடுத்த ஸ்கேன் நார்மல் என்று வந்ததே, அப்படியானால் நோய் அப்போது இல்லையா? இருந்திருக்கலாம். வயிற்று உள்சவ்வின் மேல் மில்லிமீட்டர் அளவில் படிந்திருக்கும் திட்டுகள் ஸ்கேனில் தெரியாது. எம்ஆர்ஐ-யிலும் பெரும்பாலும் தெரியாது. சாக்லேட் சிஸ்ட்டும், குடல்வரை ஆழமாக ஊடுருவிய முடிச்சுகளும்தான் தெரியும். அதையும் இந்த நோயை மனதில் வைத்துத் தேடுகிற கண் வேண்டும். ஸ்கேன் நார்மல் என்றால் 'ஸ்கேனில் தெரியும் வகை இல்லை' என்றுதான் அர்த்தம். வலி பொய் என்று அர்த்தமில்லை.

பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில்தான் இது தெளிவாகத் தெரியும். கல்யாணமாகாத பெண்களுக்கு நம் ஊரில் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. வயிற்றின் மேலிருந்து பார்ப்பதோடு, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுக்கிறார்கள். தங்கைக்கு இந்த முறை வயிற்று ஸ்கேனிலேயே இடது சினைப்பையில் 4 சென்டிமீட்டர் கட்டி தெரிந்தது. உள்ளே தூசி படிந்த கண்ணாடிபோல ஒரே சீரான மங்கல். சாக்லேட் சிஸ்ட்டின் வழக்கமான தோற்றம் அது.

ரிப்போர்ட்டில் 'சிஸ்ட்' என்ற சொல்லைப் பார்த்ததும் சொந்தக்காரர்கள், "ஓ, நீர்க்கட்டியா? வெந்தயம் சாப்பிட்டு உடம்பைக் குறைச்சா போயிடும்" என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இந்தக் குழப்பம் நம்மிடம் மிக அதிகம். நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓடி வேறு. அதில் மாதவிடாய் தள்ளிப்போகும், முகத்தில் முடி வளரும், கடும் வலி அதன் அடையாளம் அல்ல. சாக்லேட் சிஸ்ட் உள்ள பலருக்கு மாதவிடாய் தேதி தவறாமல் வரும், வலிதான் கொல்லும். இரண்டுக்கும் காரணமும் வேறு, மருந்தும் வேறு.

முன்பெல்லாம் லேப்ராஸ்கோப்பி செய்து கண்ணால் பார்த்தால்தான் நோயை உறுதிசெய்ய முடியும் என்றிருந்தது. மயக்க மருந்து கொடுத்து, தொப்புள் அருகே சின்னத் துளை வழியாகக் கேமராவை விட்டுப் பார்ப்பார்கள். ஆபரேஷன் என்றதுமே பயந்து ஒதுங்கியவர்கள் பலர். ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதை மாற்றியது. அறிகுறிகள் பொருந்தி வந்தால் ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டாலும் மருந்து சிகிச்சையைத் தொடங்கிப் பார்க்கலாம். ஸ்கேனில் தெரியாதபோதோ, மருந்து கேட்காதபோதோ, அந்த மருந்து ஒத்துவராதபோதோ லேப்ராஸ்கோப்பிக்குப் போகலாம். சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையை வைத்து இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் அது தெளிவாகச் சொல்கிறது.

எல்லாக் கடும் வலியும் எண்டோமெட்ரியோசிஸ் ஆகிவிடாது. கர்ப்பப்பைச் சுவருக்குள்ளேயே திசு ஊடுருவும் அடினோமயோசிஸ், நார்த்திசுக் கட்டி, இடுப்பறையில் கிருமித் தொற்று, காப்பர்-டி ஆகியவையும் வலியைக் கூட்டும். அவற்றைப் பிரித்தறிவது மருத்துவர் வேலை.

மருந்து என்ன செய்யும், கல்யாணம் என்ன செய்யாது

தங்கைக்கு டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை, தினம் 2 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள். இது அந்தத் திசுவுக்கு ஈஸ்ட்ரோஜன் தரும் தீனியைக் குறைத்து, மாதாந்திரக் கசிவை அடக்கி வைக்கும். முதல் மூன்று மாதம் அவ்வப்போது லேசான உதிரப்போக்கு இருந்தது, எரிச்சலும் சோர்வும் இருந்தன. நான்காவது மாதத்தில் டைரியில் 'வலி 2' என்று எழுதியிருந்தாள். அதற்குமுன் மாதவிடாய் நாட்களில் 9-க்குக் கீழே அவள் எழுதியதே இல்லை.

இது நோயை வேரோடு அழிக்கும் மருந்து அல்ல. நிறுத்தினால் வலி திரும்ப வரலாம். ஆபரேஷன் செய்து திட்டுகளை அகற்றினாலும் சிலருக்கு மறுபடி வருகிறது. சினைப்பையிலிருந்து கட்டியை உரித்தெடுக்கும்போது கூடவே கருமுட்டைகளும் குறையலாம். அதனால் கத்தி வைப்பதற்குமுன் அவளுடைய வயது, குழந்தை விருப்பம், முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்கிறார்கள். வலியின் அளவும் நோயின் அளவும் ஒத்துப்போவதில்லை என்பது இந்த நோயின் இன்னொரு குணம். நாலு திட்டு உள்ளவள் துடிப்பாள். உறுப்புகளே ஒட்டிப்போனவளுக்கு வலியே இல்லாமல், குழந்தை தங்காதபோதுதான் விஷயம் தெரியவரும்.

சித்திக்கு ஒரே கேள்வி. "சீக்கிரம் கல்யாணம் பண்ணிட்டா சரியாயிடுமா டாக்டர்?" மருத்துவர் மறுத்தார். கர்ப்ப காலத்தில் மாதவிடாய் இல்லாததால் சிலருக்கு வலி ஓய்ந்திருக்கும். ஆனால் கர்ப்பம் இந்த நோய்க்கு மருந்து அல்ல. நோயைக் குணப்படுத்தக் கர்ப்பமாகச் சொல்லக் கூடாது என்று மேற்சொன்ன ஐரோப்பிய வழிகாட்டுதலே மருத்துவர்களுக்கு அறிவுறுத்துகிறது.

இந்த நோயின் பெயர் தெரியவே பல வருடங்கள் ஆகிவிடுவதுண்டு. சென்னையில் பிறந்த பத்மா லட்சுமி, அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெயர் பெற்றவர். 13 வயதில் தொடங்கிய வலிக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயர் தெரிந்தபோது அவருக்கு வயது 36. வசதிக்கும் மருத்துவத்துக்கும் குறைவில்லாத ஊரில் 23 வருடங்கள் போயிருந்தன. 2009-ல் ஒரு மருத்துவரோடு சேர்ந்து இந்த நோய்க்காகவே அங்கே ஓர் அமைப்பைத் தொடங்கினார். என் தங்கைக்கு, வலி தொடங்கியதிலிருந்து கணக்குப் பார்த்தால், 11 வருடங்கள்.

மருத்துவரிடம் போகும்முன் எழுதிக்கொள்ள

• வலி எந்த வயதில் தொடங்கியது? அப்போது எத்தனை நாள், இப்போது எத்தனை நாள்?
• உதிரத்துக்கு எத்தனை நாள் முன்பு தொடங்குகிறது? நின்ற பிறகும் தொடர்கிறதா?
• அந்த நாட்களில் மலம், சிறுநீர் கழிக்கும்போது வலிக்கிறதா? தாம்பத்தியத்தில் வலிக்கிறதா?
• என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரத்தில் கேட்டது?
• மாதத்தில் எத்தனை நாள் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியவில்லை?
• அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது இப்படி இருந்ததா?

காய்ச்சலோடு வரும் வலி, மயக்கம், திடீரென ஒரு பக்கம் பிடுங்கும் வலி, நாள் தள்ளிப்போன பிறகு வரும் வலி ஆகியவற்றுக்கு டைரி எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அன்று இந்தப் பட்டியலின் கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு மருத்துவர் சித்தியைப் பார்த்தார். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் இப்படித்தாம்மா இருந்தது. இவ பிறக்கிறதுக்கு ஆறு வருஷம் ஆச்சு" என்றார்.

அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு வலித்தது என்பதால் மகளுக்கும் வலிப்பது இயல்பாகிவிடாது. "போன வருஷத்தைவிட இப்போ அதிகமா வலிக்குதும்மா" என்று அவள் சொன்னால், வெந்நீர்ப் பையோடு ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டோடு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.